மல்டிஹோமிங்: பல்லிணைப்பு என்று போடலாமா?

கயல்:
வலையமைப்புச் சொற்பட்டியலில் மல்டிஹோமிங் மட்டும் காலியாகக் கிடக்கிறது. ஒரு சிறு நிறுவனம் இரண்டு வழங்குநர்களிடம் இணைப்பு வாங்கி, ஒன்று போனாலும் இன்னொன்றில் ஓடுவது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். பல்லிணைப்பு என்று போட்டுவிடலாமா?

செல்வம்:
தாராளமாகப் போடலாம். வெளியே போக நாட் இருக்கிறது, உள்ளே வர டிஎன்எஸில் இரண்டு முகவரியையும் எழுதி டிடிஎல்லை 60 வினாடியாக வைத்தால் முடிந்தது. இரண்டு கேபிள், ஒரு ரவுட்டர், அவ்வளவுதானே?

இளங்கோ:
செல்வம், உலாவியில் பக்கம் திறப்பவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் லைன் மாறும்போது முகவரியும் மாறிவிடுகிறது, அதனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த விபிஎன், அழைப்பு எல்லாம் அறுந்துபோகும். டிடிஎல்லைக் குறைத்தாலும், ஒருமுறை பெயரைத் தேடி முகவரியை வைத்துக்கொண்ட மென்பொருள் மறுபடி கேட்கும் என்று நம்ப முடியாது.

இரண்டு லைனும் நன்றாக இருக்கும்போதே வரும் சிக்கலைப் பாருங்கள். மெயில் சேவையகத்துக்கு முதல் வழங்குநர் தந்தது 192.0.2.10, இரண்டாமவர் தந்தது 198.51.100.18, இயல்பு வழி முதல் லைனில். வெளியிலிருந்து ஒருவர் இரண்டாவது முகவரிக்கு வருகிறார். கோரிக்கை இரண்டாவது லைனில் வந்துவிடும், பதிலோ இயல்பு வழியைப் பார்த்து முதல் லைனில் கிளம்பும். அனுப்புநர் முகவரி தன்னுடையது இல்லையே என்று முதல் வழங்குநர் அதைக் கீழே போட்டுவிடுவார். போலி முகவரிகளைத் தடுக்க அப்படி வடிகட்டச் சொல்வதுதான் 2000இல் வந்த BCP 38, ஆகவே அவர்மேல் தப்பில்லை. tcpdump ஓட்டினால் இரண்டாவது லைனில் SYN மட்டும் திரும்பத் திரும்ப வரும், SYN-ACK முதல் லைனில் வெளியேறிக்கொண்டிருக்கும். இரண்டு முகவரியும் சேவையகத்திலேயே இருந்தால் தீர்வு இதுதான்:

```
ip route add default via 192.0.2.9 table 101
ip route add default via 198.51.100.17 table 102
ip rule add from 192.0.2.10 table 101
ip rule add from 198.51.100.18 table 102
```

எந்த முகவரியிலிருந்து பேசுகிறோமோ அந்த லைனிலேயே வெளியேறு என்கிறோம். ஒரே வழங்குநரிடம் இரண்டு கேபிள் வாங்கி, அதே முகவரிகளை இரண்டிலும் ஓட்டினால் இந்தத் தொல்லையே வராது. பல்லிணைப்பு என்றால் அதுவும் உள்ளே வந்துவிடும், அதனால் எனக்கு ஒப்புதல் இல்லை.

மீனா:
சொல்லைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நான் எங்கள் கதையைக் கொண்டுவருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வழங்குநரின் /16இலிருந்து எங்களுக்கு ஒரு /24 கிடைத்தது, அவர் அனுமதியோடு இரண்டாமவரும் அதைப் பிஜிபியில் அறிவிக்கிறார். உள்ளே வரும் போக்குவரத்து முழுக்க இரண்டாவது லைனில்தான் வருகிறது, முதலாவது காலியாகக் கிடக்கிறது. இரண்டாவது பக்கம் எங்கள் ஏஎஸ் எண்ணை மூன்று முறை கூடுதலாகச் சேர்த்துப் பாதையை நீட்டியும் ஒன்றும் அசையவில்லை.

இளங்கோ:
முதலாமவர் /16ஐ மட்டும் அறிவிக்கிறார் என்று நினைக்கிறேன். முகவரிக்கு நெருக்கமாகப் பொருந்தும் வழிதான் எப்போதும் வெல்லும், இங்கே அது /24. பாதை நீளத்தை ஒப்பிடுவதெல்லாம் ஒரே முன்னொட்டுக்கு இரண்டு வழி இருக்கும்போதுதான், அதனால் எத்தனை முறை நீட்டினாலும் பலன் இராது. முதலாமவரையும் அந்த /24ஐத் தனியாக அறிவிக்கச் சொல்லுங்கள், அப்புறம் நீட்டிப் பாருங்கள்.

/29 வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்த வழியே கிடையாது, ஐபிவி4இல் /24ஐவிடச் சிறிய துண்டைப் பெரும்பாலான வலையமைப்புகள் ஏற்பதில்லை. ஏற்றால் தாங்காது, இப்போதே உலக வழிப்பட்டியலில் கிட்டத்தட்ட 10 லட்சம் பதிவுகள்.

மீனா:
கேட்டுப் பார்த்தேன், /16 மட்டும்தானாம். நாளை மாற்றுகிறார்கள். சொல்லுக்கு வருகிறேன்: கேட்வேயை நுழைவாயில் என்கிறோமே, இதைப் பல்வாயில் என்றால் என்ன? பல்வாயில் வலையமைப்பு, பல்வாயிலாக்கம் என்று நீட்டவும் வரும்.

செல்வம்:
நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே வழங்குநருக்கு இரண்டு கேட்வே வைத்தால் அதுவும் பல்வாயில்தானே? பல்வழங்குநர் இணைப்பு என்றால் குழப்பமே இல்லை.

இளங்கோ:
பொருள் துல்லியம்தான், ஆனால் இரண்டு முகவரியுள்ள ஒற்றைக் கணினியையும் இதே பெயரில் அழைக்கிறோமே, அங்கே வழங்குநர் எங்கே வருகிறார்? ஐபிவி6இல் இரண்டும் ஒன்றாகவே கலந்துவிடும். இரண்டு வழங்குநரின் முன்னொட்டும் ஒவ்வொரு கணினிக்கும் போகும், எந்த முகவரியிலிருந்து பேசுவது என்பதைக் கணினி முதலில் முடிவு செய்யும், ரவுட்டர் அதற்கேற்ற லைனில் அனுப்ப வேண்டும். என் ஓட்டு பல்வாயிலுக்கு, அரைமனதோடு.

கயல்:
இப்போதைக்குப் பல்வாயில் என்று பதிகிறேன், விளக்கத்தில் வழங்குநர்கள் வேறு வேறு என்பதையும் முகவரிச் சிக்கலையும் எழுதிவிடுகிறேன். பல்லிணைப்பு லிங்க் அக்ரிகேஷனுக்குப் போகட்டும். கணினிக்குத் தனிச்சொல் வேண்டுமா என்பதைத் திறந்தே வைக்கிறேன்.