புதுப்பிப்பு: இந்தித் தகவலில் வந்த ‘ராஜீநாமா’

முன்பு கேட்டது: “கிடங்கில் இரண்டு டிரைவர்களுக்குள் தகராறு. தலைமை அலுவலகம் இந்தியில் ‘தோனோ மே ராஜீநாமா ஹோ கயா’ என்று அனுப்பியிருக்கிறது. இருவரும் வேலையை விட்டதாகத் தமிழில் போடலாமா?”

நல்லவேளை, போடவில்லை. நீதிமன்றத்தில் மொழிபெயர்க்கும் அக்கா ஒருவர் விளக்கினார்: இந்தியில் ராஜீநாமா என்றால் சமரசம், வேலையை விடுவது ‘இஸ்தீஃபா’. ‘தோனோ மே’, அதாவது ‘இருவருக்குள்’, என்பதே துப்பு. இருவருக்குள் சமரசம்தான் ஆகும்.

இந்தியிலும் விலகல்தான் என்று ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். அது மராத்தியில் சரி. எழுதியவர் மராத்திக்காரராக இருந்தால் என்ன செய்வது என்று பயந்து அவருக்கே போன் போட்டேன். சமரசம்தான் என்றார்.

இன்னொருவர் கேள்வியை விட்டுவிட்டுத் தன் லீவ் கடிதக் கதையைச் சொன்னார். அதனால்தான் அடுத்த வரியைத் திரும்பப் பார்த்தேன்: ‘புத்வார் கோ அவகாஷ் ரஹேகா’. நான் ‘புதன்கிழமை அவகாசம் உண்டு’ என்று எழுதி வைத்திருந்தேன். படிப்பவர்கள் ஏதோ கெடு தந்திருப்பதாக நினைத்திருப்பார்கள். இந்தியில் அவகாஷ் என்றால் விடுமுறை.

கடைசியில் அனுப்பியது: “இருவரும் சமரசமாகிவிட்டார்கள். புதன்கிழமை விடுமுறை.” ‘ராஜியாகிவிட்டார்கள்’ என்றே போட்டிருக்கலாம் என்கிறார் அக்கா. அழகான சொல்தான், ஆனால் இளம் டிரைவர்கள் அதை ராஜினாமா என்று படித்துவிடுவார்களோ என்று எனக்கு இன்னும் தயக்கம்.