மண்டப ரசீது இல்லாத சுயமரியாதைத் திருமணம்: பதிவு செய்தவர்கள் உதவுங்கள்

தமிழ்நாட்டில் நடந்த ஒரு திருமணம். மணமக்கள் இருவரும் இந்துக்கள். நண்பர் வீட்டு மாடியில், பன்னிரண்டு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொண்டார்கள். புரோகிதரும் தாலியும் இல்லை. இன்றோடு 70 நாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கோயில் ரசீது அல்லது மண்டப ரசீது கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

திருமணம் செல்லும் என்பதில் சந்தேகமில்லை. இந்து திருமணச் சட்டம் 7ஏ பிரிவின்படி உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில் உறுதிமொழி, மாலை அல்லது மோதிரம் மாற்றுதல், தாலி கட்டுதல் இவற்றில் ஒன்று நடந்தாலே போதும். ஊரறிய அறிவிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2023-இல் தெளிவாக்கிவிட்டது. சிக்கல் சான்றில்தான். கையிலிருக்கும் படங்களில் மணமக்கள் மட்டுமே இருக்கிறார்கள். சாட்சிகள் ஒருவர்கூட இல்லை.

2009-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும்; தவறினால் தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அதனால் அவசரம்.

நேரில் இருந்த இருவரின் நோட்டரி உறுதிமொழிப் பத்திரத்தை, இடம், தேதி, மாலை மாற்றிய விவரத்தோடு கொடுத்து யாராவது பதிந்திருக்கிறீர்களா? அதில் எந்த வாசகம் ஏற்கப்பட்டது? மறுப்பை எழுத்தில் வாங்கி மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்தவர்கள் இருந்தால், எத்தனை நாளில் முடிந்தது என்றும் சொல்லுங்கள்.