ஃப்ளின் விளைவு: தமிழில் என்ன சொல்லலாம்?

தேன்மொழி:
உளவியல் பாடநூல் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஐ.க்யூ. தேர்வில் தலைமுறைக்குத் தலைமுறை சராசரி கூடிவருவதை அதை ஆராய்ந்த ஜேம்ஸ் ஃப்ளின் பெயரால் ‘ஃப்ளின் விளைவு’ என்று அழைக்கிறார்கள். பெயர் மட்டும் இருந்தால் மாணவருக்குப் பொருள் விளங்காது. ‘நுண்ணறிவு ஏற்றம்’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

சண்முகம்:
‘மதி’ இருக்க ‘நுண்ணறிவு’ எதற்கம்மா? மதித்தல் என்றால் அளவிடுதல். மதிப்பு, மதிப்பீடு, மதிப்பெண் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. ‘மதியேற்றம்’ என்க.

கதிரவன்:
மதியேற்றம் என்றால் என் வகுப்பில் நிலா உதிப்பதென்றே நினைப்பார்கள் ஐயா. எங்கள் பள்ளியிலும் பிளஸ் டூ சராசரி ஏறியிருக்கிறது. தாராளமாகத் திருத்துவதுதான் காரணம். ‘மதிப்பெண் வீக்கம்’ என்றே எழுதலாம்.

மீனாட்சி:
இது திருத்துவோர் தாராளம் இல்லை, கதிரவன். நெதர்லாந்தில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களுக்கு ராவன் படப்புதிர் கொடுத்தார்கள். வடிவங்களின் வரிசையில் விடுபட்டதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதே புதிர்களில் 1952-க்கும் 1982-க்கும் இடையே சுமார் 20 புள்ளி ஏற்றம். வழக்கமாக இது கண்ணில் படாது. தேர்வைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அன்றைய சராசரியை 100 என்று வைத்துவிடுவார்கள்.

1982-இன் அளவுகோலை வைத்தால் 1952-இன் இளைஞர்கள் சராசரி 80. அவர்கள் மந்தமானவர்களா? மகன்களின் காலத்தில் நாடே மேதைகளால் நிறைந்ததா? அப்படி எந்த அறிகுறியும் இல்லையே என்றுதான் 1987-இல் ஃப்ளின் கேட்டார். இத்தேர்வுகள் அளப்பது நுண்ணறிவையே அல்ல, அதோடு லேசான தொடர்புள்ள ஒன்றை என்ற முடிவுக்கு வந்தார். ‘நுண்ணறிவு ஏற்றம்’ என்றால் வழக்கு நடக்கும்போதே தீர்ப்பு எழுதியதாகும்.

அருள்:
மன்னிக்கவும் அக்கா, நல்ல சாப்பாடு, குறைந்த நோய், வளர்ந்த மூளை. உயரம் கூடியதுபோல அறிவும் கூடியிருக்கிறது. இதில் என்ன தயக்கம்?

மீனாட்சி:
ஊட்டத்துக்குப் பங்கு இருக்கலாம், அருள். ஆனால் அதுவே முழுக் காரணமென்றால் ஐ.க்யூ. தேர்வின் கணக்கு, சொல்வளப் பகுதிகளும் அதே அளவு ஏறியிருக்க வேண்டும். அவை கொஞ்சமே ஏறின. நாய்க்கும் முயலுக்கும் என்ன ஒற்றுமை என்ற கேள்வியைப் பாருங்கள். நாயை வைத்து முயல் பிடிக்கலாம் என்பது அக்காலத்தார் பதில். இரண்டும் பாலூட்டி என்பது பள்ளி பழக்கிய பதில், மதிப்பெண் அதற்குத்தான். வேட்டைக்காரருக்கு முயலைப் பற்றிக் குறைவாகவா தெரியும்?

‘ஏற்றம்’ என்பதும் இடிக்கிறது. நார்வேயில் 1970-களின் நடுவுக்குப் பின் பிறந்தவர்களிடம் மதிப்பெண் இறங்குகிறது. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகளுக்கிடையிலும் இறக்கம் தெரிவதால், யார் யார் பிள்ளை பெற்றார்கள் என்பதை வைத்து அதை விளக்க முடியவில்லை.

சண்முகம்:
அப்படியானால் ‘மதிப்பெயர்ச்சி’. ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும்.

கதிரவன்:
குருப்பெயர்ச்சி, சனிப்பெயர்ச்சி வரிசையில் சேர்ந்துவிடும் ஐயா.

தேன்மொழி:
‘ஃப்ளின் விளைவு’ என்றே வைத்து, முதலில் வருமிடத்தில் ‘தலைமுறை மதிப்பெண் ஏற்றம்’ என்று சேர்க்கிறேன். இந்தப் பாடம் ஏறிய காலத்தை மட்டுமே பேசுகிறது. மூவர் சரி என்று தனிமடலில் சொல்லிவிட்டார்கள்.

சண்முகம்:
நான் ஒப்பவில்லை. ஆள்பெயரை அப்படியே வைப்பது கலைச்சொல் ஆகாது. ‘மதி’ வடசொல் என்பாருக்கும் நாளை விரிவாக எழுதுகிறேன்.

மீனாட்சி:
எனக்கு ‘ஏற்றம்’ இன்னும் உறுத்துகிறது, தேன்மொழி. அடுத்த பதிப்பில் நார்வே வந்தால் என்ன செய்வீர்கள்?