கொளத்தூரில் வாங்கிய மீன், ஐந்தாம் நாள்

கொடுங்கையூர் தம்பி:
போன வாரம் கொளத்தூர் போய் 2 அடித் தொட்டி, உள்ளே வைக்கிற ஸ்பாஞ்ச் பில்டர், 4 சின்ன கோல்டு பிஷ் வாங்கிவந்தேன். மெட்ரோ வாட்டரை ஒரு நாள் பக்கெட்டில் திறந்துவைத்துத்தான் ஊற்றினேன். பையன் ஆசையாகக் காலையும் மாலையும் தீனி போட்டான். மூன்றாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது. பயந்துபோய் எல்லாத் தண்ணீரையும் கொட்டி, தொட்டியைத் தேய்த்து, ஸ்பாஞ்சை வெள்ளையாகும் வரை குழாயில் பிழிந்து கழுவினேன். ஐந்தாம் நாள் காலையில் இரண்டு மிதந்தது. மற்ற இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. எங்கே தப்பு?

மாதவரம் பாய்:
தண்ணீர்தான் தம்பி. கல் உப்பு போடுங்க, எல்லாம் சரியாயிடும். நான் எப்பவும் அதான் போடுவேன்.

ராயபுரம் அக்கா:
எங்க வீட்டு மொட்டை மாடித் தொட்டியில் கப்பி மீன் பில்டரே இல்லாமல் மூணு வருஷமா பெருகுது. கொசுவும் இல்லை. உங்களுக்கு எதுக்கு இவ்வளவு செலவு?

பழைய வண்ணாரப்பேட்டை அண்ணன்:
அக்கா, உங்க தொட்டி பெருசு, பாசி பிடித்தது, மீனும் குட்டி. தம்பி கதை வேற.

தம்பி, மீன் கழிவிலும் மிச்சத் தீனியிலும் அம்மோனியா வரும், அது மீனுக்கு விஷம். அதைத் தின்கிற பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியேற ஒரு மாதம், சில சமயம் ஆறு வாரம்கூட ஆகும். மூன்றாம் நாள் வந்த பால் கலர், புதுத் தொட்டியில் சகஜம். விட்டிருந்தால் தானாகத் தெளிந்திருக்கும். நீங்க குளோரின் தண்ணீரில் ஸ்பாஞ்சைக் கழுவி, அப்போதுதான் வந்துசேர்ந்த கொஞ்சத்தையும் விரட்டிவிட்டீங்க. உப்பு அம்மோனியாவை எடுக்காது, பாய். அதற்கு அடுத்து உருவாகிற நைட்ரைட்டின் விஷத்தைத்தான் கொஞ்சம் தணிக்கும்.

இப்போ இரண்டு நாள் தீனியே வேண்டாம், மீன் பட்டினியில் சாகாது. தினமும் கால்வாசி தண்ணீர் மட்டும், குளோரின் போனதாக மாற்றுங்க. அப்புறம் ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவு. ஸ்பாஞ்ச் அடைத்தால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு அமுக்கு அமுக்கினால் போதும். அழுக்கு நிறத்தில்தான் இருக்கணும். ராத்திரி பில்டரை நிறுத்துவீங்களா?

கொடுங்கையூர் தம்பி:
சத்தம் வருதுன்னு அம்மா நிறுத்திடுவாங்க.

பழைய வண்ணாரப்பேட்டை அண்ணன்:
அதுவும் சேர்ந்துதான். ஸ்பாஞ்ச் வழியா தண்ணீர் ஓடாவிட்டால் காற்று கிடைக்காமல் உள்ளே இருக்கிற பாக்டீரியா செத்துப்போகும். இன்னொன்று, கோல்டு பிஷ் பெருசாகும், கழிவும் அதிகம். அந்தத் தொட்டிக்கு இரண்டே கூட நெருக்கம்தான், கப்பியோ மோலியோ வாங்கியிருக்கலாம்.

மாதவரம் பாய்:
எங்க போர் தண்ணீர் உவர்ப்பு. அதில் மோலி நல்லா இருக்கு. உங்க பக்கம் எப்படின்னு தெரியலை.

கொடுங்கையூர் தம்பி:
இன்னிக்கு ஒரு மீன் கீழே இறங்கி நீந்துது. இன்னொன்று இன்னும் மேலேயேதான் நிக்குது.