ஸ்டேட்மென்ட்டில் ஆரம்ப இருப்பும் கடைசி இருப்பும் வரிக்கு வரி ஒத்துப்போகிறதா: உங்கள் அனுபவம்

ஈரோட்டுக் கணக்கர்:
பிடிஎஃப்பை எக்செலுக்கு மாற்றிய ஒரு ஸ்டேட்மென்ட். ஆரம்ப இருப்பு 48,250.00, வரவு 1,13,780.00, பற்று 96,205.50. கூட்டிக் கழித்தால் 65,824.50 வரவேண்டும். வங்கி போட்டிருப்பது 63,464.50. வித்தியாசம் 2,360.

இப்படி வந்தால் முதலில் பாதியைத் தேடுங்கள். பாதி 1,180. ஆயிரம் ரூபாய் கட்டணமும் 18% ஜிஎஸ்டியும் சேர்ந்த தொகை அது. பற்றில் இருக்கவேண்டியது மாற்றும்போது வரவுப் பத்திக்கு நகர்ந்துவிட்டது. இடம் மாறிய தொகை இரட்டிப்பாகத்தான் வித்தியாசம் காட்டும்.

புதுவரவு:
மொத்தம் ஒத்துப்போனாலே போதாதா? வரிவரியா பார்க்க எதுக்கு?

ஈரோட்டுக் கணக்கர்:
போதாதுங்க. 500 ரூபாய் வரவு ஒன்றும் 500 ரூபாய் பற்று ஒன்றும் விடுபட்டால் மொத்தம் அழகாக ஒத்துப்போகும். C பற்று, D வரவு, E இருப்பு என்று வையுங்கள். E2-ல் ஆரம்ப இருப்பு. F3-ல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=ROUND(E2+D3-C3-E3,2)
```

எல்லாம் பூஜ்யமாக இருக்கவேண்டும். மேலே சொன்ன கணக்கில் அந்த ஒரு வரியில் மட்டும் 2360 நிற்கும், அடுத்த வரி மறுபடி பூஜ்யம். 500 என்று வந்தால் அதற்கு முன் 500 ரூபாய் பற்று ஒன்று விடுபட்டிருக்கலாம். -500 என்றால் விடுபட்டது வரவு. ROUND இல்லாவிட்டால் 0.00000001 மாதிரி குப்பை வந்து பயமுறுத்தும்.

கடைக்காரர்:
நான் கொடுத்த செக் இன்னும் பாஸ் ஆகல. டாலி இருப்பும் வங்கி இருப்பும் வேற வேறயா இருக்கு. இந்த ஃபார்முலா உதவுமா?

ஈரோட்டுக் கணக்கர்:
அது வேறு வேலை அண்ணே, உங்கள் புத்தகத்தையும் வங்கியையும் ஒப்பிடுவது. இங்கே பார்ப்பது ஸ்டேட்மென்ட் தனக்குள்ளேயே சரியா என்பதை மட்டும்.

கடன் பிரிவில் இருப்பவர்:
தேதிப்படி வரிசைப்படுத்தாதீர்கள். ஒரே நாளில் பத்து யுபிஐ இருந்தால் உள்வரிசை குலைந்து, சரியான ஸ்டேட்மென்ட்டே தப்பாகத் தெரியும். புதியது மேலே வரும் ஸ்டேட்மென்ட் என்றால் வரிசை எண் போட்டு, அதை வைத்துத் திருப்புங்கள். ஒரு பக்கத்தின் இருப்பை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும் B/F, C/F வரிகளை நீக்குங்கள். ஓவர்டிராஃப்ட் கணக்கில் 'Dr' என்று முடியும் இருப்பு மைனஸ். அந்த எழுத்தை எடுத்துவிட்டுக் குறி போட மறந்தால் எல்லா வரியும் உளறும்.

ஆனால் ஒரு ஓட்டை உண்டு. பணம் போய் உடனே திரும்பிவந்த இரண்டு அடுத்தடுத்த வரிகள் சேர்ந்தே விடுபட்டால் இந்தச் சோதனையும் பிடிக்காது. கடைசிப் பக்கத்தில் பற்று, வரவு எண்ணிக்கை அச்சிட்டிருந்தால் அதோடு எண்ணிப் பாருங்கள்.

புதுவரவு:
என் ஸ்டேட்மென்ட்ல எண்ணிக்கையே இல்லையே. அப்போ?

கடன் பிரிவில் இருப்பவர்:
அதே காலத்துக்கு மறுபடி இறக்கி வரிகளை எண்ணலாம். மாற்றும்போது விழுந்த வரி அதில் தெரியும். மூலத்திலேயே யாராவது நீக்கியிருந்தால், வங்கியிடம் நேராக வாங்கிய பிரதி இல்லாமல் எப்படிப் பிடிப்பது என்று எனக்கும் தெரியவில்லை. வேறு வழி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.