புதுப்பிப்பு: மூலக் களிம்பு உள்ளே நிற்காமல் வழிவது ஏன்

முன்பு கேட்டது: "குழாய் முனையை வைத்துத்தான் போடுகிறேன். பாதி களிம்பு வெளியே வந்துவிடுகிறது. எத்தனை நாள் பார்க்கலாம்?"

வழிந்ததற்குக் காரணம் முனையின் பக்கத் துளைகள். காய்ந்த களிம்பு அவற்றை அடைத்திருந்தது. மருந்தாளர் ஒருவர் சொன்ன முறை இது: மலம் கழித்து, கழுவி, ஒற்றித் துடைத்தபின் கையைச் சோப்பால் கழுவுங்கள். முனையைத் திருகி, எல்லாத் துளைகளிலும் களிம்பு எட்டிப்பார்க்கும்வரை அழுத்துங்கள். அதையே முனையின் வெளிப்புறமும் தடவுங்கள். இடப்பக்கம் சாய்ந்து முழங்காலை மடக்கி, மெல்ல நுழைத்து, வெளியே இழுத்துக்கொண்டே அழுத்துங்கள். தடுத்தால் தள்ளக் கூடாது. வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று அச்சிட்ட களிம்பை உள்ளே செலுத்தவே வேண்டாம்.

"கையுறை போட்டால் கழுவ வேண்டாம்" என்றார் இன்னொருவர். பாதி சரி. கழற்றும்போது கை அழுக்காகும். அதனால் பிறகும் கழுவ வேண்டும், நக இடுக்கு உட்பட. மரப்பு மருந்து கலந்த களிம்பென்றால் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். முனையையும் சோப்பு, வெந்நீரில் கழுவி உலர்த்துங்கள். மற்றவருக்குத் தர வேண்டாம்.

ஒருவர் தனக்கு மூன்று வாரம் தடவியே சரியானது என்றார். ஸ்டீராய்டு கலந்ததை மருத்துவர் சொல்லாமல் 7 நாளுக்கு மேல் போட்டால் தோல் மெலியக்கூடும். அதற்குள் குறையாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். முதன்முறை ரத்தம் வந்தால் நாள் எண்ண வேண்டாம், காட்டிவிடுங்கள். கறுத்த மலம், நிற்காத ரத்தம், காய்ச்சலுடன் வலி என்றால் அன்றே.

எனக்கு இருப்பது ஆசனவாய்த் தோல் கிழிந்த பிளவா, மூலமா என்ற சந்தேகம் மட்டும் இன்னும் தீரவில்லை. அதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.