நெய்ஜுவான், தாங்பிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

மங்கை எழுதியது:

அன்புடையீர், சீன இளைஞர்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நெய்ஜுவான், தாங்பிங் என்னும் இரண்டு சொற்களுக்கு 'உட்சுருளல்', 'சமன்கிடை' என்று இப்போதைக்கு எழுதி வைத்துள்ளேன். உள்ளே சுருளுதல், தட்டையாகப் படுத்தல் என்பவையே அவற்றின் நேர்ப்பொருள்கள். எல்லாரும் போட்டி போட்டு மேலும் மேலும் உழைத்தும் யாருக்கும் கூடுதல் பயன் கிடைக்காத நிலையைத்தான் முதற்சொல்லால் குறிக்கிறார்கள். 2020இல் சிங்குவா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மிதிவண்டியில் போய்க்கொண்டே கைப்பிடியின்மேல் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்த படம் பரவியபோது முதற்சொல்லும் அதனுடன் சேர்ந்து பரவியது. அந்தப் படத்துக்குக் கீழே 'உட்சுருளல்' என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு ஏதாவது விளங்குமா?

சிவநேசன் எழுதியது:

ஆங்கிலத்தில் இதை இன்வொலூஷன் என்கிறார்கள். கணிதத்தில் அது, இருமுறை செய்தால் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் செயலைக் குறிக்கும். எவ்வளவு உழைத்தும் இருந்த இடத்திலேயே இருப்பதால்தான் இந்தப் பெயர் வந்திருக்க வேண்டும். ஆகவே 'மீள்நிலை' எனலாம். தாங்பிங் என்பது சோம்பல்தானே? 'சோம்பிக்கிடை' போதும்.

பாத்திமா எழுதியது:

நான் சீனாவில் மருத்துவம் படித்தவள். தேர்வுக் காலத்தில் விடியற்காலையிலேயே நூலக வாசலில் வரிசை நிற்கும். கதவு திறந்ததும் மேசைகளில் புத்தகங்களை வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். நான் ஆறு மணிக்குப் போய் இடம் கிடைக்காமல் திரும்பியதும், மறுநாள் ஐந்தரைக்குப் போனதும், அதற்குள் மற்றவர்கள் ஐந்து மணிக்கே வந்துவிட்டதும் நினைவிருக்கிறது. நாற்காலிகளின் எண்ணிக்கை மட்டும் மாறவே இல்லை. தோழிகள் 'ஜுவான்' என்பதை வினைச்சொல்லாகவே பேசுவார்கள். 'இவ்வளவு ஜுவான் செய்யாதே' என்று ஒருவரையொருவர் கடிந்துகொள்வார்கள். நாம் ஆக்கும் சொல்லையும் அப்படி வாயால் சொல்ல முடிய வேண்டும்.

இளங்கோ எழுதியது:

சிவநேசன் ஐயா இருந்த இடத்திலேயே இருத்தல் என்று கண்டது சரி. ஆனால் சொல் கணிதத்திலிருந்து வரவில்லை. மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1963இல் ஜாவாவின் நெல் வயல்களைப் பற்றி எழுதியபோது மானிடவியல் வழக்கிலிருந்து எடுத்தாண்ட சொல் அது. வயலில் மேலும் மேலும் ஆட்கள் இறங்கினார்கள், நாற்று நடுவதும் களை எடுப்பதும் நுணுக்கமாகிக்கொண்டே போயின, மொத்த விளைச்சலும் கூடியது. ஆனால் ஓர் ஆளுக்குக் கிடைத்த நெல் மட்டும் கூடவில்லை. வரலாற்றாசிரியர் பிலிப் ஹுவாங் அதைச் சீன உழவர் வரலாற்றுக்குப் பொருத்தினார். அவ்வழியே ஆய்வு நூல்களில் இருந்த சொல்லைத்தான் மாணவர்கள் கையில் எடுத்தார்கள்.

தாங்பிங் சோம்பல் அன்று. காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை, வாரத்தில் ஆறு நாள் என்னும் 996 வேலைமுறையை, 2021 ஆகஸ்டில் சீன உச்ச மக்கள் நீதிமன்றம் சட்டத்துக்குப் புறம்பானது என்று கூறும் அளவுக்கு அந்த வேலைமுறை பரவியிருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஒருவர், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நிலையான வேலையின்றி மாதம் சுமார் 200 யுவானில் வாழ்வதாகவும் படுத்துக்கிடப்பதே நியாயம் என்றும் இணையத்தில் எழுதினார். வீடு, திருமணம், பிள்ளை, பதவி உயர்வு எதையும் துரத்துவதில்லை என்ற மறுப்பு அது. அறுக்க அறுக்கத் தழைக்கும் பூண்டுக்கீரைக்குத் தங்களை ஒப்பிடும் இளைஞர்கள், தரையோடு படுத்த கீரையை அரிவாளால் அறுப்பது கடினம் என்றார்கள். அந்தத் தட்டையான நிலைதான் சொல்லின் உயிர் என்பதால் சமன்கிடையை நான் ஏற்கிறேன்.

உட்சுருளலை ஏற்க இயலவில்லை. தமிழில் 'சுருண்டு படுத்துவிட்டான்' என்றால் ஓய்ந்துபோனான் என்று பொருள். அதாவது, முதற்சொல்லை நேராகப் பெயர்த்தால் வாசகர் மனம் இரண்டாம் சொல்லின் பக்கம் போய்விடும். வினையாக்கிச் 'சுருட்டாதே' என்றாலோ திருட்டாகிவிடும். 'செக்குப்போட்டி' என்று வைத்தால் என்ன?

பாத்திமா எழுதியது:

செக்கு மாடு சுற்றினால் எண்ணெயாவது வரும், ஐயா. நூலக வாசலில் நாங்கள் இழந்த தூக்கத்துக்கு ஒன்றும் வரவில்லை. 'வெறுஞ்செக்கு ஆட்டாதே' என்று தோழியிடம் சொல்ல முடியும், ஆதலால் 'வெறுஞ்செக்காட்டம்'.

இளங்கோ எழுதியது:

பேச்சுக்கு அது நன்றாகவே இருக்கிறது. ஆயினும் ஜாவாவில் எண்ணெய் வரத்தான் செய்தது. மாடுகள் பெருகியதால் மாட்டுக்கு இத்தனை என்ற அளவு ஏறவில்லை. 'வெறும்' என்ற அடை அந்த நெல்லை மறைத்துவிடுகிறது.

மங்கை எழுதியது:

2024 ஜூலையில் சீனக் கட்சித் தலைமையே நிறுவனங்களைப் பார்த்து 'நெய்ஜுவான் பாணிப் போட்டி' கூடாது என்றது. ஒரு நிறுவனம் விலையைக் குறைக்க மற்றவையும் குறைத்து, விற்பனை நடந்தும் இலாபம் கரையும் நிலையை அது குறிக்கிறது. அங்கும் எண்ணெய் வருகிறது என்பதால் கட்டுரையில் 'செக்குப்போட்டி' என்றே எழுதுகிறேன். மாணவர்கள் பேசும் இடங்களில் பாத்திமாவின் சொல்லை வைக்கிறேன். ஒரே சீனச் சொல்லுக்கு ஒரே கட்டுரையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் வருவதுதான் உறுத்துகிறது. வேறு வழி தெரிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

சிவநேசன் எழுதியது:

சோம்பிக்கிடையைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சமன்கிடை என்றதும் எனக்குக் கொத்தனாரின் மட்டப்பலகைதான் நினைவுக்கு வருகிறது. 'தரைக்கிடை' என்றால் அந்தக் கீரையும் கண்ணில் படுமே?